ஒரே பங்கு: ஒருநாள் பதினெட்டு மடங்கு, ஒருநாள் பாதி

2021 ஜனவரி 13, புதன்கிழமை. அமெரிக்காவில் வீடியோ கேம் விற்கும் கடைகளை ஊருக்கு ஊர் நடத்திவந்த கேம்ஸ்டாப் நிறுவனத்தின் பங்கு முந்தின நாள் 19.95 டாலரில் முடிந்திருந்தது. அதற்கு முந்தைய பத்து வர்த்தக நாட்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 80 லட்சம் பங்குகள்தான் கைமாறின. அந்தப் புதன்கிழமை மட்டும் கைமாறியவை 14.45 கோடி. விலை 31.40 டாலரில் நின்றது. ஒரே நாளில் 57 சதவீத ஏற்றம்.

தின வர்த்தகம் செய்பவர்கள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் தேடுவது இப்படிப்பட்ட ஒரு பங்கைத்தான். ஆயிரக்கணக்கான பங்குகளில் பெரும்பாலானவை எந்த நாளிலும் சும்மா கிடக்கும். வாங்கியவர் விற்பதற்குள் தரகுக் கட்டணத்துக்குக்கூட விலை நகராது. எது இன்றைக்கு ஓடப்போகிறது என்று முன்கூட்டியே சலித்தெடுக்க இரண்டு எண்களை வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒன்று ரிலேட்டிவ் வால்யூம். திரையில் RVOL என்று இருக்கும். இன்னொன்று ஃப்ளோட், அதாவது சந்தையில் உண்மையிலேயே கைமாறக் கிடைக்கும் பங்குகளின் எண்ணிக்கை.

ரிலேட்டிவ் வால்யூம் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. இன்றைய வால்யூமை வழக்கமான வால்யூமால் வகுத்தால் வருவது. ஜனவரி 13 அன்று கேம்ஸ்டாப்புக்கு 14.45 கோடியை 80 லட்சத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 18. ஒரு கடைக்குத் தினமும் எண்பது பேர் வருவார்கள், இன்றைக்கு ஆயிரத்து நானூறு பேர் வந்து நிற்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. அதை மட்டும்தான் இந்த எண் சொல்கிறது. வந்தவர்கள் வாங்க வந்தார்களா, விற்க வந்தார்களா, சண்டை போட வந்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் 18 என்பது சந்தை மூடிய பிறகு போட்ட கணக்கு. வர்த்தகருக்குக் காலையிலேயே தெரிந்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

நம் ஊர் நேரத்தில் ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, மொத்தம் 375 நிமிடம் நடக்கிறது. ஒரு பங்கு தினமும் 10 லட்சம் எண்ணிக்கையில் கைமாறும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு 9.45-க்கே 6 லட்சம் கைமாறிவிட்டது. முழு நாள் சராசரியோடு ஒப்பிட்டால் 0.6 வரும். வழக்கத்தைவிடக் குறைவு என்று நினைத்துப் பங்கைத் தள்ளிவிடத் தோன்றும். அது தப்பு. சரி, அரைமணி நேரம் என்பது நாளில் எட்டு சதவீதம், எனவே இந்நேரத்துக்கு 80 ஆயிரம்தான் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் 7.5 மடங்கு வருகிறது. இதுவும் தப்புத்தான். ஏனென்றால் வால்யூம் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. திறந்ததும் குவியும், மதியம் வற்றும், முடியும் நேரத்தில் மறுபடி குவியும். இதே பங்கில் வழக்கமான நாட்களில் 9.45-க்குள் 2 லட்சம் ஆகிவிடும் என்றால் சரியான விடை 3. 9.45-ஐ முந்தைய நாட்களின் 9.45-உடன்தான் ஒப்பிட வேண்டும்.

```
RVOL = இன்று 9.45 வரை வால்யூம் ÷ முந்தைய 14 நாட்களின் 9.45 வரை சராசரி வால்யூம்
```

ஒரே பங்கு, ஒரே நேரம், மூன்று விடைகள்: 0.6, 7.5, 3. திரையில் RVOL என்று போட்டிருக்கும் எண் இந்த மூன்றில் எந்த வழியில் வந்தது என்று தெரியாமல் அதை நம்பிப் பணம் போடுபவர்கள் நிறையப் பேர். செயலியின் உதவிப் பக்கத்தில் இரண்டு நிமிடம் செலவழித்தால் தெரிந்துவிடும்.

இந்த எண்ணுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? 2024-இல் கார்லோ ஜரட்டினி, ஆண்ட்ரியா பார்பன், ஆண்ட்ரூ அஜீஸ் ஆகிய மூவர் அமெரிக்கப் பங்குகளின் பல ஆண்டுத் தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முதல் ஐந்து நிமிட வால்யூமை முந்தைய 14 நாட்களின் முதல் ஐந்து நிமிடத்தோடு ஒப்பிட்டு, அதிகம் வந்தவற்றை மட்டும் எடுத்தார்கள். ஒரே வாங்கும் விதியை எல்லாப் பங்குகளிலும் போட்டபோது கிடைத்ததைவிட, இப்படிச் சலித்தவற்றில் போட்டபோது விளைவு வெகுவாக மேம்பட்டது. அது பழைய தரவில் கணினி ஓட்டிய சோதனை, கைக்காசு போட்டதல்ல. இருந்தாலும் வழக்கத்துக்கு மீறிய கூட்டம் கூடும் இடத்தில்தான் விலை நகரும் என்ற வர்த்தகர்களின் அனுபவத்துக்கு அது ஓர் ஆதாரம்.

இனி ஃப்ளோட். ஒரு நிறுவனம் வெளியிட்ட மொத்தப் பங்குகளில் நிறுவனர் குடும்பமும் அரசும் நிர்வாகிகளும் நீண்டகாலக் கூட்டாளிகளும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதைக் கழித்தால் மிச்சம் இருப்பது ஃப்ளோட். சந்தைக்கு வந்திருக்கும் சரக்கு அவ்வளவுதான். சரக்கு குறைவாக இருந்து வாங்க ஆள் அதிகமானால் விலை எகிறும். முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ விலைக்கு நடப்பதுதான்.

இதைச் சதவீதமாகப் பார்ப்பதா, எண்ணிக்கையாகப் பார்ப்பதா என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 2022 மே மாதம் எல்.ஐ.சி. சந்தைக்கு வந்தபோது மத்திய அரசு விற்றது 3.5 சதவீதம் மட்டுமே. சதவீதத்தைப் பார்த்தால் இதைவிடக் குறைந்த ஃப்ளோட் கிடைப்பது அரிது. ஆனால் அந்த மூன்றரை சதவீதம் 22 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள். கொஞ்சம் பேர் சேர்ந்து வாங்கிக் காலியாக்கிவிடக்கூடிய சரக்கு அல்ல அது. எதிர்முனையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதன் மொத்தப் பங்குகளே 2 லட்சம். அதில் 75 சதவீதம் புரமோட்டர்களிடம். மிச்சம் 50 ஆயிரம். மும்பைப் பங்குச் சந்தையில் பல காலம் 3 ரூபாய் 53 காசில் பெயரளவுக்குக் கிடந்த அந்தப் பங்குக்கு 2024 அக்டோபர் 29 அன்று சிறப்பு ஏலம் நடத்தி விலை கண்டபோது அது அன்று 2,36,250 ரூபாயில் முடிந்தது. நிறுவனத்தின் கையில் இருந்த ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளின் மதிப்பு அதைவிட அதிகம் என்பதால் வைத்திருந்தவர்கள் பழைய விலைக்கு விற்க மறுத்திருந்தார்கள். அடுத்து வந்த நாட்களிலும் 5 சதவீத அப்பர் சர்க்யூட்டில் போய் நின்றது.

தின வர்த்தகருக்கு எல்சிட்டால் ஒரு பயனும் இல்லை. அப்பர் சர்க்யூட்டில் நிற்கும் பங்கில் வாங்குபவர்கள் வரிசையில் நிற்பார்கள், விற்பவர் இருக்கமாட்டார். பத்துப் பங்கு கைமாறும் பங்கில் ஒருநாள் ஐம்பது கைமாறினால் ரிலேட்டிவ் வால்யூம் 5 என்று திரை பளிச்சென்று காட்டும். அந்த ஐந்துக்கு அர்த்தமே கிடையாது. நம் சந்தைகளில் இப்படிப்பட்ட சின்னப் பங்குகள் பலவற்றை ட்ரேட்-டு-ட்ரேட் பிரிவில் வைத்துவிடுகிறார்கள். அங்கே அன்றே வாங்கி அன்றே விற்க அனுமதி இல்லை. வாங்கினால் டெலிவரி எடுத்தே ஆக வேண்டும். எனவே ஃப்ளோட் குறைவு என்று ஆசைப்படுவதற்கு முன்னால் பங்கு எந்தப் பிரிவில் இருக்கிறது, அதன் சர்க்யூட் வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். இரண்டும் சந்தையின் இணையதளத்திலேயே இருக்கின்றன.

கேம்ஸ்டாப்புக்குத் திரும்புவோம். அதன் மொத்தப் பங்குகள் அப்போது 7 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் ரையன் கோஹன் என்ற முதலீட்டாளர் மட்டும் சுமார் 90 லட்சம் வைத்திருந்தார். ஜனவரி 11 அன்று அவரும் அவருடைய பழைய நிறுவனமான சூயியைச் சேர்ந்த இருவரும் இயக்குநர் குழுவுக்கு வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அன்று வால்யூம் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, விலை 12 சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். மறுநாள் அமைதி. அதற்கும் மறுநாள்தான் அந்தப் பதினெட்டு மடங்கு. 14.45 கோடி என்பது நிறுவனத்தின் மொத்தப் பங்குகளைப்போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு பங்கும் அன்று சராசரியாக இரண்டு முறை கைமாறிய கணக்கு. ஃப்ளோட்டை மட்டும் எடுத்தால் இன்னும் அதிகம்.

வால்யூம் ஃப்ளோட்டைத் தாண்டும் இந்த நிலைதான் இரண்டு எண்களும் சேர்ந்து தரும் உருப்படியான சேதி. நேற்று வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளியேறி, இன்றைக்கு இன்றைய விலையில் வாங்கியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பொறுமை கிடையாது. விலை கொஞ்சம் சரிந்தாலும் எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடுவார்கள். ஏறினால் ஷார்ட் அடித்தவர்கள் அதே கதவில் முட்டுவார்கள்.

ஷார்ட் அடித்தவர்கள் இங்கே ஏராளம். விலை விழும் என்று எதிர்பார்த்துப் பங்கைக் கடன் வாங்கி விற்றவர்கள் அவர்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யின் அலுவலர்கள் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த ஜனவரியில் ஷார்ட் அளவு ஃப்ளோட்டில் 122.97 சதவீதம் வரை போனது. இருக்கும் சரக்கைவிட அதிகமாகக் கடன் வாங்கி விற்றது எப்படி என்று கேட்கத் தோன்றும். கடன் வாங்கி விற்ற பங்கை வாங்கியவரிடமிருந்து அதே பங்கை இன்னொருவர் கடன் வாங்கி மறுபடி விற்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: ஷார்ட்காரர்கள் பதறித் திரும்ப வாங்கியது மொத்தக் கொள்முதலில் சிறிய பங்குதான். வாரக்கணக்கில் விலையைத் தூக்கிப் பிடித்தது பொதுமக்கள் ஆர்வத்தோடு வாங்கியது. ஃப்ளோட்டும் ஷார்ட் கணக்கும் அதிகம் அறியப்பட்ட இந்த நிகழ்விலேயே, விலைக்கு அவை முழுக் காரணம் இல்லை.

இப்போது ஜனவரி 28-க்கு வருவோம். ராபின்ஹூட் உள்ளிட்ட சில தரகு நிறுவனங்கள் புதிதாக வாங்குவதை நிறுத்திய வியாழக்கிழமை அது. காலையில் 265 டாலரில் திறந்த பங்கு 483 வரை ஏறி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் 112 வரை விழுந்து, 193.60-இல் முடிந்தது. அந்த மாதத்தில் அதைவிடக் கொந்தளித்த நாள் கிடையாது. அன்று கைமாறியவை சுமார் 5.9 கோடி பங்குகள்.

அன்றைய ரிலேட்டிவ் வால்யூம் எவ்வளவு? முந்தைய பத்து நாட்களின் சராசரி சுமார் 11 கோடி. 5.9-ஐ 11-ஆல் வகுத்தால் பாதியைச் சற்றே தாண்டும். 2-க்கு மேல் இருந்தால்தான் காட்டு என்று சல்லடை வைத்திருந்தவரின் திரையில், உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பங்கு வந்திருக்காது.

என்ன ஆயிற்று என்றால், வகுக்கும் எண் கெட்டுப்போயிருந்தது. ஜனவரி 13, 22, 25, 26 ஆகிய பேய்த்தனமான நாட்கள் எல்லாம் சராசரிக்குள் புகுந்து, வழக்கம் என்பதையே பல மடங்கு ஊதிவிட்டன. ஒரு பங்கு ஓடத் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்தே இந்தக் கேடு ஆரம்பிக்கிறது. ஆகவே ரிலேட்டிவ் வால்யூமை நம்பக்கூடியது பெரும்பாலும் முதல் நாளில்தான். தொடர்ந்து ஓடும் பங்கில் அதை ஒதுக்கிவிட்டு, ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுவதோ, வால்யூமை நேரடியாகப் பார்ப்பதோ மேல். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுப்பவர்களும் உண்டு. ஒன்றிரண்டு பேய் நாட்கள் வந்தால் அது தாங்கும், நான்கைந்து வந்தால் அதுவும் சாயும். பழைய வரைபடத்தில் இதைச் சரிபார்க்க விரும்புபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2022 ஜூலையில் கேம்ஸ்டாப் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. இன்று பார்த்தால் விலை நான்கில் ஒன்றாகவும் வால்யூம் நான்கு மடங்காகவும் தெரியும்.

ஃப்ளோட்டைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய நேரமும் உண்டு. 2021 ஜூன் 2 அன்று ஏ.எம்.சி. என்ற அமெரிக்கத் திரையரங்க நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 95 சதவீதம் ஏறி 62.55 டாலரில் முடிந்தது. அதன் பங்குகள் 50 கோடி அளவில் இருந்தன. குறைந்த ஃப்ளோட் உள்ளதை மட்டும் பார்ப்பேன் என்றிருந்தவர்கள் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். கூட்டம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் குளம் பெரிதா சின்னதா என்பது பொருட்டில்லை. மறுநாள் இன்னொரு பாடம். விலை ஏறியதைப் பயன்படுத்தி நிறுவனமே 1.155 கோடி புதிய பங்குகளைச் சராசரி 50.85 டாலருக்குச் சந்தையில் விற்று 58.7 கோடி டாலர் திரட்டிக்கொண்டது. பங்கு 18 சதவீதம் விழுந்து முடிந்தது.

ஃப்ளோட் என்பது கல்வெட்டு அல்ல. விலை உச்சத்தில் இருக்கும்போது அதைக் கூட்டிவிட நிறுவனத்துக்கு ஆசையும் உண்டு, அமெரிக்க விதிகளில் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால் அனுமதியும் உண்டு. நஷ்டத்தில் நடக்கும் சின்ன மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும். திரையில் 30 லட்சம் என்று காட்டும் ஃப்ளோட் போன மாதத்து எண்ணாக இருக்கும், நடுவே புதுச் சரக்கு இறங்கியிருக்கும். நம் நாட்டில் பங்குதாரர் விவரம் காலாண்டுக்கு ஒருமுறைதான் வெளியாகிறது. அதற்கும் காலாண்டு முடிந்து மூன்று வாரம் வரை அவகாசம். இடையில் புரமோட்டர் விற்றிருந்தாலோ, பங்கு வெளியீட்டுக்குப் பின் விற்கக் கூடாது என்றிருந்த லாக்-இன் காலம் முடிந்து பெரும் முதலீட்டாளர்களின் பங்குகள் விடுபட்டிருந்தாலோ கையில் உள்ள ஃப்ளோட் கணக்கு பழையது. எனவே ஃப்ளோட்டைப் பார்ப்பவர்கள் நிறுவனம் சந்தைக்கு அனுப்பிய கடைசி அறிவிப்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கூட்டம் பெரிதாக இருந்தும் அதில் வர்த்தகருக்கு வேலை இல்லாத நாட்களும் உண்டு. 2020 டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் முதல் டெஸ்லா எஸ்.அண்ட்.பி. 500 குறியீட்டில் சேர இருந்தது. அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகள் அன்றைய முடிவு விலையில் டெஸ்லாவை வாங்கியே தீர வேண்டும். அன்று 20 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின. அதில் கணிசமான பகுதி கடைசி மணி அடிக்கும்போது நடக்கும் முடிவு ஏலத்தில். அந்த நிதிகளுக்கு விலையைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, வாங்குகிறார்கள். நம் சந்தையிலும் எம்.எஸ்.சி.ஐ. குறியீட்டு மாற்றம் அமலாகும் நாளின் கடைசி அரைமணியில் இதைக் காணலாம். மாலை 3.10-க்கு ஒரு பங்கின் ரிலேட்டிவ் வால்யூம் 6 என்று காட்டினால், அன்று குறியீட்டு மாற்ற நாளா என்று நாள்காட்டியைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு பெரிய நிதிகளுக்கு இடையே ஒரே மொத்தமாகக் கைமாறிய பங்குகளும் இப்படியே ஏமாற்றும். ஐந்து நிமிட வரைபடத்தில் ஒரே ஒரு கம்பம் வானளவு நின்று, அதற்கு முன்னும் பின்னும் தரைமட்டமாக இருந்தால் அது கூட்டம் அல்ல, இருவருக்கிடையே நடந்த கணக்குத் தீர்வு.

கையை விட்டு வெளியேற முடியுமா என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் மேல். ஃப்ளோட் குறைந்த பங்கில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். 100 ரூபாய்க்கு வாங்கி 97-இல் ஸ்டாப் லாஸ் போட்டவர், 97-இலும் 96-இலும் வாங்க ஆளில்லாமல் 93-க்கு வெளியே வருவார். 3 ரூபாய் என்று கணக்குப் போட்ட நஷ்டம் 7 ஆகிவிடும். அமெரிக்கச் சந்தையில் ஒரு பங்கு குறுகிய நேரத்தில் வரம்பு தாண்டி நகர்ந்தால் ஐந்து நிமிடம் வர்த்தகத்தை நிறுத்துவார்கள். ஜனவரி 28 அன்று கேம்ஸ்டாப்பில் இது பலமுறை நடந்தது. நிறுத்தியிருக்கும் நேரத்தில் ஸ்டாப் லாஸ் தூங்கும். திறக்கும்போது எந்த விலையோ அந்த விலைதான். இன்ட்ராடே செய்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் 2022-23 நிதியாண்டில் நஷ்டப்பட்டதாக செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

கேம்ஸ்டாப் கதை ஜனவரியோடு முடியவில்லை. பிப்ரவரி மூன்றாம் வாரம் அது 40 டாலர் சொச்சத்தில் அடங்கிக் கிடந்தது. பேய் நாட்கள் பத்து நாள் சராசரியைவிட்டு வெளியேறி, சராசரி 2 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. வகுக்கும் எண் மறுபடி நல்லபடியாக இருந்தது. 23-ஆம் தேதி மாலை தலைமை நிதி அதிகாரி விலகுகிறார் என்று அறிவித்தார்கள். மறுநாள் 24-ஆம் தேதி காலையில் திரை பார்த்தவர்களுக்கு அந்தப் பங்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மதியமும் அப்படியே. பலர் அன்றைய பட்டியலைக் காலையிலேயே முடித்துவிட்டு வேறு பங்குகளில் இருந்தார்கள். சந்தை மூட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வால்யூம் கிளம்பியது. நடுவில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்தது. மாலை 4 மணிக்கு மணி அடித்தபோது முந்தின நாள் 44.97 டாலரில் முடிந்த பங்கு 91.71-இல் இருந்தது. அன்று கைமாறியவை 8 கோடிக்கு மேல்.